வயிறு மெல்லப் பெருக்கிறது, காலும் வீங்குகிறது: தடை கல்லீரலிலா, இதயத்திலா?

கையும் கழுத்தும் வற்றிப்போயிருக்கும். வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். மாலையில் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படி ஒருவரைப் பார்த்ததும் "குடிச்சுக் குடிச்சு ஈரல் போச்சு" என்றுதான் முதலில் பேச்சு எழும். குடிக்காதவர் என்றால் அந்தப் பேச்சு அவரை இன்னும் அதிகமாகக் காயப்படுத்தும். பெரியவர்கள் இதை மகோதரம் என்பார்கள்.

மகோதரம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. வயிற்றுக்குள், குடலுக்கு வெளியே, நீர் கோத்திருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் பதில் கல்லீரல்தான். ஆனால் இதயத்தில் தடை இருந்தாலும் அச்சு அசலாக இதே உருவம் வரும். அதிலும் இதய உறை இறுகிப்போகும் நோய் கல்லீரல் நோயைப் போலவே வேடம் போடும். அறுவை செய்து சரிப்படுத்தக்கூடிய இந்த நோயை "ஈரல் கேஸ்" என்று ஒதுக்கி வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது நடக்கிறது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ரத்தம் போகும் வழி

குடலில் இருந்து இதயத்துக்கு ரத்தம் நேராகப் போவதில்லை. அதன் பாதை இது:

1. குடல், மண்ணீரல் ஆகியவற்றின் ரத்தம் ஒரு பெரிய குழாயில் சேர்கிறது. இதற்கு வாயில் சிரை என்று பெயர்.
2. வாயில் சிரை கல்லீரலுக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கான நுண்குழாய்களாகப் பிரிகிறது. இவற்றின் சுவர் சல்லடை மாதிரி ஓட்டைகள் நிறைந்தது.
3. அந்த ரத்தம் கல்லீரல் சிரைகளில் கூடி, காலில் இருந்து மேலே வருகிற பெருஞ்சிரையில் கலக்கிறது.
4. பெருஞ்சிரை இதயத்தின் வலப்பக்கத்தில் போய்த் திறக்கிறது.

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம். மடையை அடைத்தால் தண்ணீர் அதற்குப் பின்னால்தான் ஏறும். ஏறிய தண்ணீரின் அழுத்தத்தில் கரை கசியும். எங்கே கசிகிறது என்பதை வைத்து எந்த மடை அடைபட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனால் (இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்) அடைப்பு இரண்டாம் இடத்தில் இருக்கிறது. வாயில் சிரையில் அழுத்தம் ஏறும். கல்லீரலைக் கடக்க வழக்கமாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் போதுமான அழுத்தம் 10, 12 என்று ஏறும்போது வயிற்றில் நீர் கோக்க ஆரம்பிக்கிறது. கல்லீரலைத் தாண்டிய பிறகு வழி காலியாகத்தான் இருக்கும்.

இதயம் ரத்தத்தை வாங்கிக்கொள்ளாவிட்டால் அடைப்பு நான்காம் இடத்தில். அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நிரம்பும்: பெருஞ்சிரை, கல்லீரல் சிரைகள், கல்லீரல், குடல், கால். அதோடு, இதயத்துக்கு மேலே உள்ள கழுத்துச் சிரையும் நிரம்பும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் துப்பு கொடுக்கப்போகிறது.

அழுத்தம் மட்டும் போதாது, உப்பும் வேண்டும்

குழாயில் அழுத்தம் ஏறுவதால் மட்டும் பத்து லிட்டர் நீர் சேர்ந்துவிடாது. அவ்வளவு தண்ணீரை உடம்பு எங்கிருந்தோ பிடித்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் குடல் பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கேயே தேங்குகிறது. இதயக் கோளாறில் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைகிறது. இரண்டிலும் சிறுநீரகத்துக்குக் கிடைக்கிற செய்தி ஒன்றுதான்: "ரத்தம் குறைந்துவிட்டது." உடனே அது உப்பைச் சிறுநீரில் விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் தங்கும். பிடித்து வைத்த தண்ணீர் மீண்டும் அதே அடைப்புக்குப் பின்னால் போய்க் கசிகிறது. சிறுநீரகம் தவறு எதுவும் செய்யவில்லை, அதற்கு வந்த செய்திதான் தவறு.

ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதத்தைச் செய்வது கல்லீரல். அதன் அளவு குறையும்போது காலில் நீர் கோப்பதும் எளிதாகிறது. தசை வற்றுவதும் சேர்ந்துகொள்வதால்தான் கை குச்சியாகவும் வயிறு பானையாகவும் தெரிகிறது. எடை கூடாமல் இருக்கலாம், ஏனென்றால் சதை போன இடத்தை நீர் நிரப்பிவிடுகிறது.

ஒருவரை வைத்துப் பார்ப்போம்

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிற, 44 வயதான ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட நோயாளிகளிடம் காணப்படுகிற விவரங்களைச் சேர்த்து உருவாக்கிய கதை இது. குடிப்பழக்கம் கிடையாது. ஆறு மாதமாகக் கைலியைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது. ஏணியில் ஏறினால் களைப்பு. ஆனால் மல்லாந்து படுத்துத் தூங்க முடிகிறது, மூச்சுத் திணறல் பெரிதாக இல்லை. கால் வீக்கம் வயிற்றுக்குப் பிறகு வந்தது.

வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஸ்கேன். "கல்லீரல் பெரிதாக இருக்கிறது, வயிற்றில் நிறைய நீர், மண்ணீரலும் கொஞ்சம் பெரிது, நாள்பட்ட கல்லீரல் நோயாக இருக்கலாம்" என்று அறிக்கை வந்தது. நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு முறை நாலு லிட்டர் நீர் எடுத்தார்கள். மூன்றே வாரத்தில் பழையபடி ஆனது.

இங்கே ஓர் இடைச்செருகல். "ஊசி போட்டு நீர் எடுக்க ஆரம்பிச்சா ஊறிக்கிட்டே இருக்கும்" என்ற பயம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. ஊசியால் ஊறுவதில்லை. மடை அடைபட்டே இருப்பதால் ஊறுகிறது. இந்தப் பயத்தால் முதல் முறை நீர் எடுத்துப் பரிசோதிப்பதையே தள்ளிப்போடுகிறவர்கள், காரணத்தைச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சியைத் தொலைக்கிறார்கள்.

நீர் சொல்லும் சாட்சி

வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள அல்புமினையும் அதே நாளில் எடுத்த ரத்தத்தின் அல்புமினையும் அளக்கிறார்கள். ரத்தத்தின் அளவில் இருந்து நீரின் அளவைக் கழிக்க வேண்டும். கழித்து வருவது 1.1 அல்லது அதற்கு மேல் இருந்தால், நீர் அழுத்தத்தால் பிழிந்து வந்தது. அதாவது கல்லீரலிலோ அதைத் தாண்டி இதயத்திலோ தடை. 1.1க்குக் கீழே என்றால் வயிற்றின் உள்ளுறையில் காசநோய், புற்றுநோய் மாதிரி வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

நம் கொடிக்கால்காரருக்கு ரத்தத்தில் 3.3 கிராம், நீரில் 1.9 கிராம், இரண்டும் 100 மில்லிக்கு. வித்தியாசம் 1.4. அப்படியானால் அழுத்தம்தான் காரணம். வயிற்றுக் காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகம் இதோடு பலவீனப்பட்டது.

சரி, கல்லீரலா இதயமா? இங்கேதான் அடுத்த எண் வேலை செய்கிறது. அதே நீரில் மொத்தப் புரதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பொதுவாக, கல்லீரல் சுருக்கத்தில் அது 2.5 கிராமுக்குக் கீழே இருக்கும். இதயத் தடையில் 2.5க்கு மேலே. இவருக்கு 4.1.

ஏன் இந்த வித்தியாசம்? கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர் சல்லடை என்று மேலே சொன்னேன். இதயத்தில் தடை வந்து கல்லீரல் பின்னால் இருந்து நிரம்பும்போது, அந்தச் சல்லடை முழுசாகவே இருக்கிறது. புரதம் நிறைந்த நீர் தாராளமாக வெளியேறிக் கல்லீரலின் மேற்பரப்பில் இருந்து வியர்வை மாதிரி சொட்டுகிறது. சிரோசிஸில் அந்தச் சல்லடையே தழும்பால் அடைபட்டுப்போகிறது. தண்ணீர் கசியும், புரதம் அவ்வளவாகக் கசியாது. இந்த மொத்தப் பரிசோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு குப்பி மஞ்சள் நீர், கல்லீரலின் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

கணக்கு தவறுகிற இடங்களும் உண்டு. நீர் இன்றைக்கு, ரத்தம் போன வாரம் என்றால் கழித்தல் பொய்யாகும். நடுவில் அல்புமின் ஏற்றியிருந்தாலும் நம்ப முடியாது. பல சமயம் நீரை அனுப்பும்போது அல்புமின் என்று எழுதவே மறந்துவிடுகிறார்கள். மொத்தப் புரதமும் அணுக்களின் எண்ணிக்கையும் மட்டும் வரும், கழிக்க எண் இருக்காது. நீர் எடுப்பதற்கு முன்பே "அல்புமின் ரெண்டுலயும் பாக்குறீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடலாம்.

யாரும் பார்க்காத கழுத்து

இவரை உட்காரவைத்துக் கழுத்தைப் பார்த்த மருத்துவர்தான் கதையை மாற்றினார். பேச்சு வழக்கில் நரம்பு என்கிறோமே, அந்தக் கழுத்து ரத்தக்குழாய் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே காறை எலும்புக்கு மேலே புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த நிலையில் அது தெரியக் கூடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது அது வடிய வேண்டும். இவருக்கு இன்னும் புடைத்தது.

கல்லீரல் நோயில் அடைப்பு கீழே இருக்கிறது. அதனால் கழுத்துச் சிரை பெரும்பாலும் அமுங்கியே இருக்கும். வயிறு நிறைய நீர், கழுத்து நிறைய ரத்தம் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் இதயத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. செலவே இல்லாத பரிசோதனை இது. வயிற்றின் அளவு எல்லோருடைய கண்ணையும் இழுத்துக்கொள்வதால் கழுத்து தப்பித்துவிடுகிறது.

பழைய ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தபோது இன்னொரு வரி கிடைத்தது: பெருஞ்சிரையும் கல்லீரல் சிரைகளும் விரிந்திருக்கின்றன. பெருஞ்சிரையின் அகலம் 2.4 சென்டிமீட்டர். 2.1க்குள் இருந்து, மூச்சை உறிஞ்சி இழுக்கும்போது பாதிக்கு மேல் சுருங்க வேண்டும். இவருக்குச் சுருங்கவில்லை. சிரோசிஸில் கல்லீரல் சிரைகள் விரிவதில்லை, ஒடுங்கியே தெரியும். அந்த வரி முதல் அறிக்கையிலேயே இருந்தது. முடிவுரையில் மட்டும் இல்லை.

"எக்கோ நார்மல்" என்ற பொறி

இதயம் என்றதும் எக்கோ எடுத்தார்கள். இதயம் சுருங்கும் திறன் 60 சதவீதம். அதாவது முழுசாக நார்மல். இந்த இடத்தில் பலர் ஆறுதலடைந்து திரும்பவும் கல்லீரலுக்கே போய்விடுகிறார்கள்.

அந்த 60 சதவீதம் இதயம் எவ்வளவு நன்றாகப் பிழிகிறது என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு நன்றாக நிரம்புகிறது என்று சொல்வதில்லை. இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. வழக்கமாக 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பழைய அழற்சியால் அது தடித்து, சில சமயம் சுண்ணாம்பு படிந்து ஓடு போல ஆகிவிடும். உள்ளே தசை நன்றாகவே இருக்கிறது, விரிவதற்கு இடம்தான் இல்லை. வருகிற ரத்தம் வாசலிலேயே நிற்கிறது. இதற்குத்தான் இதய உறை இறுக்கம் என்று பெயர்.

சாதாரண இதயச் செயலிழப்பில் முதலில் மூச்சுத் திணறல், பிறகு கால் வீக்கம், வயிறு கடைசியில் என்ற வரிசை பெரும்பாலும் இருக்கும். உறை இறுக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகும். வயிறு முந்திக்கொள்ளும், கால் பின்னால் வரும், படுத்தால் பெரிதாகத் திணறாது. கல்லீரல் நோயின் வரிசையும் இதுவேதான். ஏமாற்றம் வருவது இதனால்தான்.

"உறை இறுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று குறிப்பிட்டுக் கேட்டால் எக்கோவிலேயே அடையாளம் தெரியும். மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் இரு பக்க ரத்த ஓட்டமும் மாறி மாறிக் கூடிக் குறையும், நடுச்சுவர் துள்ளும். அப்புறம் சி.டி. எடுத்தார்கள். உறை 6 மில்லிமீட்டர் தடித்திருந்தது, ஓரத்தில் சுண்ணாம்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்சில் நீர் கோத்து, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டது அப்போதுதான் பேச்சில் வந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. நம் நாட்டில் இதய உறை இறுக்கத்துக்கு முக்கியமான காரணம் காசநோய்தான்.

ஸ்கேனில் நாள்பட்ட கல்லீரல் நோய் போலத் தெரிந்தது பொய்யா? இல்லை. வருடக்கணக்கில் ரத்தம் தேங்கினால் கல்லீரலும் தழும்பேறும். இங்கே கல்லீரல் பாதிக்கப்பட்டது உண்மை, தொடக்கம் அங்கே இல்லை, அவ்வளவுதான். அதேபோல, ஒருவர் குடிக்கிறார் என்பதாலேயே கேள்வி முடிந்துவிடாது. மது இதயத் தசையையும் தளர்த்தும். குடிக்காதவருக்கும் கொழுப்புப் படிந்த கல்லீரல், மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி ஆகியவற்றால் சிரோசிஸ் வரும்.

சிகிச்சை எங்கே பிரிகிறது

உப்பைக் குறைப்பது இரண்டுக்கும் பொது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சின்ன டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றை நிறுத்தாமல் குழம்பில் மட்டும் உப்பைக் குறைப்பதால் பயன் இல்லை.

நீர் மாத்திரையில் வித்தியாசம் உண்டு. கல்லீரல் நோயில் ஸ்பைரோனோலாக்டோன்தான் முதன்மை. அதோடு ஃப்யூரோசமைடு சேர்ப்பார்கள். வழக்கமான விகிதம் 100க்கு 40 மில்லிகிராம். கால் வீக்கம் இல்லாவிட்டால் எடை நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. கால் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை தாங்கும். அதைவிட வேகமாக இறங்கினால் சிறுநீரகம் அடிபடும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது தினமும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் அபாயமாக ஏறலாம். சத்துக்காக என்று இளநீர் வாங்கிக் கொடுப்பவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவையும் கல்லீரல் சுருங்கியவர்களின் சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடும். ஒரே முறையில் 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும்.

உறை இறுக்கத்தில் நீர் மாத்திரை ஓர் எல்லை வரைதான் உதவும். இறுகிய இதயம் நிரம்புவதற்கே அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. மாத்திரையைக் கூட்டிக் கூட்டி நீரை வடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். அழற்சி இன்னும் ஆறாத ஆரம்பக் கட்டத்தில் மருந்தாலேயே சிலருக்கு இறுக்கம் தளர்கிறது. சுண்ணாம்பு படிந்த பிறகு உறையை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. அது சின்ன அறுவை அல்ல, உயிர் அபாயம் உண்டு. தள்ளிப்போடத் தள்ளிப்போட இதயத் தசையும் நலிந்து பலன் குறையும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே வயிறு, இதயம் இரண்டுக்கும் தனித்துறைகள் இருக்கின்றன. அறுவை என்று முடிவானால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அன்றே போக வேண்டியவை

வயிற்றில் நீர் இருப்பவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால், நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். நீரை எடுத்து அணு எண்ணிக்கை பார்த்தால் தெரியும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 250ஐத் தொட்டால் உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், பேச்சுக் குழறல் அல்லது பகல் தூக்கம், சிறுநீர் குறைந்துபோவது ஆகியவையும் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாதவை.

முகமும் கண் இமையும் காலையில் வீங்குகிறது என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்குவது இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. அதில் ரத்தக்கட்டியா என்பதை அன்றே பார்த்தாக வேண்டும்.

கொடிக்கால்காரரின் உறையை எடுத்த பிறகு கழுத்துச் சிரை சில நாட்களிலேயே தணிந்தது. வயிறு அவ்வளவு சீக்கிரம் வடியவில்லை. மூன்று மாதம் மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும் தொடர்ந்தன. கல்லீரலில் ஏற்கனவே விழுந்த தழும்பு எவ்வளவு என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கிறார்கள். கைலியை மறுபடி இடுப்பில்தான் கட்டுகிறார்.